5,40,000 எங்கே போனது? ஒரு நிலையான வைப்பு அறிக்கையை வரிவரியாகப் படித்த கதை

நிலையான வைப்பு அறிக்கையில் மொத்தமே பத்துப் பன்னிரண்டு வரிகள்தான் இருக்கும். ஆனால் அந்த வரிகள் எல்லாம் ஒரே காலத்தைப் பற்றிப் பேசுவதில்லை. சில வரிகள் வைப்பு தொடங்கிய நாளைச் சொல்லும், சில கடைசியாகப் புதுப்பித்த நாளிலிருந்து நடந்ததைச் சொல்லும், வரிப் பிடித்தம் பற்றிய வரியோ வரி ஆண்டுக் கணக்கில் ஓடும். இதைப் பிரித்துப் பார்க்காமல் மேலிருந்து கீழே வாசித்தால், சரியாகப் போட்ட கணக்குகூடத் தப்பாகத் தெரியும். வங்கியில் வைப்புப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் என்னிடம் வந்த புகார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். இப்போது எழுதப்போவதும் அப்படி ஒன்று.

எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கையில் இரண்டு தாள்களோடு வந்தார். ஒன்று, 12.03.2024 அன்று வைப்புத் தொடங்கியபோது கொடுத்த ரசீது. இன்னொன்று, 31.07.2025 தேதியிட்ட அறிக்கை. அவருக்கு உடனடியாக ஒரு லட்சம் தேவைப்பட்டது. வைப்பை முடித்துக்கொள்ளலாம் என்று அறிக்கையை வாங்கியிருக்கிறார். வாங்கிப் பார்த்ததும் குழப்பம் வந்துவிட்டது.

"ரசீதுல முதிர்வுத் தொகை 5,40,000-ன்னு அச்சடிச்சிருக்கு, தம்பி. இதுல அசலே 5,36,000-ன்னு போட்டிருக்கு. நாலாயிரம் எங்க போச்சு? ஒன்றரை வருஷம் ஆகப்போகுது, வட்டி பதினாலாயிரத்துச் சொச்சம்தானாம். முதிர்வு தேதி வேற அடுத்த வருஷம்னு இருக்கு. நான் கையெழுத்துப் போட்டது ஒரு வருஷத்துக்குத்தானே?"

மூன்று கேள்விகள். மூன்றுக்கும் விடை ஒரே நாளில் இருந்தது: 12.03.2025.

அறிக்கையில் இருந்தவை

ரசீதில் இருந்தது எளிது. அசல் 5,00,000. காலம் 12 மாதம். ஆண்டு வட்டி 8 விழுக்காடு, தனி வட்டி, முதிர்வில் மொத்தமாக வழங்கப்படும். முதிர்வு தேதி 12.03.2025. முதிர்வுத் தொகை 5,40,000. அடியில் பொடி எழுத்தில், "முதிர்வின்போது: அசலும் வட்டியும் சேர்த்துத் தானாகப் புதுப்பிக்கவும்" என்ற கட்டத்தில் ஒரு டிக்.

அறிக்கையில் இருந்தது இப்படி:

கணக்கு தொடங்கிய தேதி: 12.03.2024
நடப்புக் காலத்தின் தொடக்கம்: 12.03.2025
முதிர்வு தேதி: 12.03.2026
அசல்: 5,36,000.00
வட்டி விகிதம்: 7.00%
சேர்ந்துள்ள வட்டி: 14,494.03
இன்றைய மதிப்பு: 5,50,494.03
வழங்கிய வட்டி: 36,000.00
பிடித்த வரி: 4,000.00
முதிர்வு அறிவுறுத்தல்: அசல் + வட்டி புதுப்பிப்பு

டீச்சர் பார்த்த முதல் தேதி 12.03.2024. அது மேலே இருப்பதால் எல்லாரும் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் கீழே இருக்கும் அசல், விகிதம், சேர்ந்துள்ள வட்டி மூன்றும் அந்தத் தேதியோடு சம்பந்தப்பட்டவை அல்ல. அவை இரண்டாவது தேதியிலிருந்துதான் ஆரம்பிக்கின்றன. அறிக்கை கைக்கு வந்ததும் நான் முதலில் தேடுவது இந்த இரண்டாவது தேதியைத்தான். தொடங்கிய தேதியும் நடப்புக் காலத்தின் தொடக்கமும் ஒன்றாக இருந்தால் வைப்பு இன்னும் முதல் சுற்றில் இருக்கிறது. வேறு வேறாக இருந்தால் ஒரு தடவையாவது புதுப்பித்தாகிவிட்டது. சில வங்கிகள் இரண்டாவது தேதியை 'மதிப்புத் தேதி' என்று எழுதும். இன்னும் சில வங்கிகள் புதுப்பிக்கும்போது வைப்பு எண்ணையே மாற்றிவிடும். அப்படியானால் பழைய ரசீதில் உள்ள எண்ணை வைத்துத் தேடினால் 'முடிந்துவிட்டது' என்று வரும். பணம் காணாமல் போய்விட்டதோ என்று வயிறு கலங்கும். புதிய எண்ணில் அது பத்திரமாக இருக்கும்.

ஒரே நாளில் நடந்த நான்கு காரியங்கள்

12.03.2025 அன்று டீச்சர் வங்கிப் பக்கமே போகவில்லை. ஆனால் அவர் வைப்பில் அன்று நான்கு காரியங்கள் வரிசையாக நடந்தன. இந்த வரிசை பிடிபட்டால் அறிக்கையில் பாதி புரிந்த மாதிரி.

முதலில், அதுவரை நாள்தோறும் சேர்ந்துவந்த வட்டி 'வழங்கிய வட்டி' ஆனது. 5,00,000-க்கு 8 விழுக்காடு, 365 நாள், ஆக 40,000. முந்தைய நாள் வரை இது 'சேர்ந்துள்ள வட்டி' என்ற வரியில் இருந்திருக்கும். அன்று அந்த வரி சுழியாகி, தொகை வேறு இடத்துக்குப் போனது.

அடுத்து, வழங்கும் இடத்தில் வரி பிடிக்கப்பட்டது. இந்த வைப்பில் வட்டியை வழங்கும்போது 10 விழுக்காடு பிடித்தம். 40,000-த்தில் 4,000 போனது. காணாமல் போன நாலாயிரம் இதுதான்.

மூன்றாவதாக, மீதி 36,000 அசலோடு சேர்ந்தது. 5,00,000 என்பது 5,36,000 ஆனது.

கடைசியாக, அந்தப் புதிய அசலுக்கு அன்றைய விகிதத்தில் புதிய ஓராண்டுக் காலம் தொடங்கியது. பழைய விகிதம் 8. அன்று அதே காலத்துக்கு வங்கி அறிவித்திருந்த விகிதம் 7. தானாகப் புதுப்பிக்கும்போது காலம்தான் பழையபடி தொடரும், விகிதம் தொடராது. இது நிறையப் பேருக்குத் தெரியாது. எட்டு விழுக்காட்டுக்குப் போட்ட பணம் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

டீச்சர் இதில் கேட்டது நியாயமான கேள்வி. "என் கைக்குப் பத்துப் பைசா வரல. வராத பணத்துக்கு எப்படி வரி பிடிப்பாங்க?"

வங்கியின் கணக்குப் புத்தகத்தில் வழங்குதல் என்பது நோட்டாகக் கையில் கொடுப்பது மட்டும் இல்லை. வட்டியை வாடிக்கையாளரின் பெயரில் வரவு வைத்தாலே வழங்கியதாகிவிடும். அந்த வரவு சேமிப்புக் கணக்குக்குப் போனாலும் சரி, வைப்பின் அசலோடு சேர்ந்தாலும் சரி, வரி பிடிக்கும் வேலை நடந்துவிடும். நீங்கள் வட்டியை வாங்கி, வரி கட்டி, மீதியை மறுபடியும் வைப்பில் போட்டதாகத்தான் அர்த்தம். நடுவில் பணம் கைக்கு வந்துபோகவில்லை, அவ்வளவுதான்.

அப்படியென்றால் ரசீதில் 5,40,000 என்று ஏன் அச்சடித்தார்கள்? ரசீதில் வரும் முதிர்வுத் தொகை வரிக்கு முந்தியது. வைப்புத் தொடங்கும் நாளில், ஓராண்டு கழித்து உங்களுக்கு எந்த விகிதத்தில் பிடித்தம் வரும், விலக்கு ஏதும் இருக்குமா என்பது வங்கிக்குத் தெரியாது. அதனால் மொத்த வட்டியைச் சேர்த்து அச்சடித்துவிடுவார்கள். ரசீதின் அந்த எண்ணை அறிக்கையின் அசலோடு நேராக ஒப்பிடக் கூடாது. வழங்கிய வட்டியையும் பிடித்த வரியையும் கூட்டி, அதோடு பழைய அசலைச் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். 36,000 + 4,000 + 5,00,000 = 5,40,000. சரியாக வந்துவிட்டது.

இங்கே இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. 'வழங்கிய வட்டி' என்ற வரியில் இந்த வங்கி வரி போக மீதியைத்தான் போட்டிருந்தது. வேறு சில வங்கிகள் அதே வரியில் மொத்த வட்டியைப் போடும். தலைப்பைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது, கணக்குப் போட்டால்தான் தெரியும். டீச்சர் வீட்டிலேயே 36,000-ஐ 5,00,000-ஆல் வகுத்துப் பார்த்து, 7.2 விழுக்காடுதான் கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டியிருந்தார். பிடித்த வரியைக் கூட்டியதும் 8 விழுக்காடு வந்தது. விகிதம் குறைந்தது போலத் தெரிந்தால், வங்கியைக் கேட்கும் முன் இந்தக் கூட்டலைச் செய்து பார்ப்பது நல்லது.

சேர்ந்துள்ள வட்டியைச் சரிபார்ப்பது

இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஒன்றரை ஆண்டு ஓடப்போகிற வைப்புக்கு 14,494.03 குறைவாகத்தான் தெரியும். ஆனால் அது 12.03.2025-க்குப் பிறகு சேர்ந்தது மட்டும். அதற்கு முந்தைய 40,000 ஏற்கெனவே வழங்கப்பட்டு, வரி போக அசலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இனி அது தனியாக எந்த வரியிலும் வட்டியாகத் தெரியாது.

எண் சரியா என்று பார்க்க ஒரு சூத்திரம் போதும்:

அசல் × ஆண்டு வட்டி விகிதம் × நாட்கள் ÷ 365

நாட்களை எண்ணுவதில்தான் கவனம் வேண்டும். மார்ச் 12 முதல் மார்ச் 31 வரை 20 நாள். ஏப்ரல் 30, மே 31, ஜூன் 30, ஜூலை 30. கூட்டினால் 141. வைப்புப் போட்ட நாளைச் சேர்த்து, அறிக்கை தேதியைச் சேர்க்காமல் எண்ணினால் இந்த எண் வரும். 5,36,000-க்கு 7 விழுக்காடு ஆண்டுக்கு 37,520. அதை 141-ஆல் பெருக்கி 365-ஆல் வகுத்தால் 14,494.03. காசுவரை பொருந்தியது.

உங்கள் அறிக்கையில் இப்படிப் பொருந்தவில்லை என்றால் உடனே தப்பு என்று சொல்லிவிட வேண்டாம். வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு நாள் வட்டி அளவுக்கு, அதாவது இந்த வைப்பில் சுமார் 102.79 கூடியிருந்தால், வங்கி அறிக்கை நாளையும் சேர்த்து எண்ணியிருக்கிறது. 14,695.33 என்று வந்திருந்தால், ஆண்டுக்கு 360 நாள் என்ற வழக்கில் கணக்குப் போட்டிருக்கிறது. எந்த வழக்கு என்பது வைப்பு நிபந்தனைகளில் இருக்கும். இரண்டிலும் அடங்காத வித்தியாசம் என்றால், கூட்டு வட்டியாக இருக்கலாம் அல்லது விகிதம் வேறாக இருக்கலாம். அப்போது கேட்கத்தான் வேண்டும்.

தனி வட்டியா, கூட்டு வட்டியா என்று கண்டுபிடிக்க நிபந்தனைத் தாள் கையில் இல்லாவிட்டாலும் வழி உண்டு. வேறு வேறு தேதியில் எடுத்த இரண்டு அறிக்கைகள் இருந்தால் போதும். டீச்சர் கைபேசிச் செயலியில் ஜூன் 30 அறிக்கையும் இருந்தது. அதில் சேர்ந்துள்ள வட்டி 11,307.40. ஜூலை அறிக்கையிலிருந்து கழித்தால் 3,186.63. இடையில் 31 நாள். வகுத்தால் நாளுக்கு 102.79. 37,520-ஐ 365-ஆல் வகுத்தாலும் அதுதான் வருகிறது. ஆக இது தனி வட்டி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டும் வைப்பாக இருந்தால், ஒவ்வொரு காலாண்டு முடிந்ததும் நாள் வட்டி கொஞ்சம் ஏறும். முதல் காலாண்டில் பொருந்திய கணக்கு இரண்டாவது காலாண்டில் பொருந்தாமல் போனால் அதுதான் காரணமாக இருக்கும்.

'இன்றைய மதிப்பு' என்ற வரி

அறிக்கையிலேயே எனக்கு அதிகம் கவலை தரும் வரி இது. அசலையும் சேர்ந்துள்ள வட்டியையும் கூட்டி 5,50,494.03 என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். டீச்சர் அதைத்தான் கைக்கு வரப்போகும் தொகை என்று எடுத்துக்கொண்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அந்தத் தொகை, அந்த நாளில் வைப்பை முடித்தால் கிடைக்கும் தொகை இல்லை.

சேர்ந்துள்ள வட்டி என்பது, வைப்பு முதிர்வு வரை ஓடும் என்று வைத்துக்கொண்டு, ஒப்பந்த விகிதத்தில் நாள்தோறும் எழுதிவரும் கணக்கு. அதில் இரண்டு கழிவுகள் இன்னும் வரவில்லை. வழங்கும்போது பிடிக்கும் வரி ஒன்று. முன்கூட்டியே முடித்தால் விகிதமே மாறுவது இன்னொன்று.

இரண்டாவதுதான் பெரியது. இந்த வைப்பின் நிபந்தனை இப்படி இருந்தது: முன்கூட்டியே முடித்தால், பணம் உண்மையில் எத்தனை நாள் இருந்ததோ அந்தக் காலத்துக்கு உரிய விகிதம் தரப்படும், அதிலிருந்து 1 விழுக்காடு அபராதமாகக் கழிக்கப்படும். 12.03.2025 அன்று மூன்று முதல் ஆறு மாதம் வரையான வைப்புக்கு இருந்த விகிதம் 5.5. ஒன்று கழித்தால் 4.5. வங்கிக்கு வங்கி இந்த விதி வேறுபடும், ஆனால் அமைப்பு பெரும்பாலும் இதே மாதிரிதான்.

டீச்சர் 06.08.2025 அன்று முடிக்க நினைத்தார். அன்றைக்கு 147 நாள். ஒப்பந்த விகிதத்தில் சேர்ந்துள்ள வட்டி 15,110.79 என்று அறிக்கை காட்டும். 'இன்றைய மதிப்பு' 5,51,110.79. ஆனால் 4.5 விழுக்காட்டில் கணக்குப் போட்டால் வட்டி 9,714.08 மட்டும். அதில் வரி 971.41. கைக்கு வருவது 5,44,742.67. அறிக்கை காட்டும் தொகைக்கும் கையில் விழும் தொகைக்கும் 6,368.12 வித்தியாசம்.

இதைக் கேட்டதும் டீச்சர் முகம் வாடிவிட்டது. "அப்போ போன வருஷ வட்டியையும் குறைச்சுடுவாங்களா?" என்றார். இல்லை. புதுப்பித்த நாளில் முதல் சுற்று முழுசாக முடிந்து, கணக்கும் தீர்ந்துவிட்டது. 40,000-மும் அதில் பிடித்த 4,000-மும் இனி யாரும் தொட முடியாது. முன்கூட்டி முடிக்கும் அபராதம் நடப்புச் சுற்றுக்கு மட்டும்தான். புதுப்பிப்புத் தேதியைக் கவனிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: அபராதம் எந்த நாளிலிருந்து கணக்கிடப்படும் என்பதையும் அதுதான் முடிவு செய்கிறது.

முதிர்வு தேதியும் தவறிப்போன 14 நாளும்

மூன்றாவது கேள்வி, அடுத்த வருஷம் எப்படி முதிர்வு தேதி ஆனது என்பது. விடை அந்த டிக்கில் இருக்கிறது. வைப்புப் படிவத்தில் பொதுவாக மூன்று வழிகள் கேட்பார்கள். அசலும் வட்டியும் சேர்த்துப் புதுப்பிப்பது, அசலை மட்டும் புதுப்பித்து வட்டியைச் சேமிப்புக் கணக்குக்கு அனுப்புவது, புதுப்பிக்காமல் மொத்தத்தையும் கணக்குக்கு அனுப்புவது. ஒன்றும் குறிக்காமல் விட்டால் பல வங்கிகள் தானாகப் புதுப்பித்துவிடும். டீச்சர் விஷயத்தில் கவுன்டரில் இருந்தவரே முதல் கட்டத்தில் டிக் போட்டு, கையெழுத்து வாங்கியிருக்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்ததாக நான் நினைக்கவில்லை. முதிர்ந்த பணம் வட்டியில்லாமல் கிடக்க வேண்டாம் என்று பெரும்பாலோர் அதைத்தான் கேட்பார்கள். ஆனாலும் கேட்டுவிட்டுப் போட்டிருக்க வேண்டும்.

ரசீதின் பின்பக்கத்தில் இன்னொரு நிபந்தனை இருந்தது. தானாகப் புதுப்பித்த 14 நாளுக்குள் வந்து வேண்டாம் என்றால், அபராதம் இல்லாமல் வைப்பை முடிக்கலாம். மார்ச் 26-க்குள் வந்திருந்தால் 5,36,000-ஐ எடுத்துக்கொண்டு, விகிதம் கூடுதலாக இருந்த இடத்தில் போட்டிருக்கலாம், அல்லது குறுகிய காலத்துக்குப் போட்டிருக்கலாம். இந்த அவகாசம் எல்லா வங்கியிலும் உண்டு என்று சொல்ல முடியாது, நாட்களும் மாறும். இருந்தால் அது பின்பக்கத்துப் பொடி எழுத்தில்தான் இருக்கும். அதனால் முதிர்வு தேதியை மட்டும் காலண்டரில் குறித்தால் போதாது. அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே ஒரு குறிப்பு வேண்டும், அறிவுறுத்தலை மாற்ற அப்போதுதான் நேரம் இருக்கும். முதிர்வு தேதி விடுமுறை நாளில் விழுந்தால் பணம் அடுத்த வேலை நாளில்தான் வரும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட நாளுக்கு வட்டி உண்டா என்பதும் நிபந்தனையில் இருக்கும். 12.03.2026 வியாழக்கிழமை. வார இறுதிச் சிக்கல் இல்லை.

பிடித்த வரியை என்ன செய்வது

4,000 வங்கி எடுத்துக்கொண்ட கட்டணம் இல்லை. டீச்சர் பெயரில் வரித்துறைக்குப் போன பணம். எனவே வங்கியிடம் வரிப் பிடித்தச் சான்றிதழ் கேட்டு வாங்க வேண்டும். அதில் மொத்த வட்டி 40,000, பிடித்த வரி 4,000 என்று இருக்க வேண்டும். டீச்சர் வருமானக் கணக்குக் கொடுக்கும்போது வட்டி வருமானம் 36,000 என்று எழுதக் கூடாது. 40,000 என்று எழுதி, 4,000 ஏற்கெனவே கட்டியதாகக் காட்ட வேண்டும். அவருடைய மொத்த வரி அதைவிடக் குறைவாக இருந்தால் திரும்பப் பெறலாம். பிடித்ததோடு வரி முடிந்துவிட்டது என்ற விதி உள்ள இடங்களும் உண்டு, அங்கே திரும்பக் கேட்க எதுவும் இருக்காது.

பிடித்த விகிதத்தையும் வகுத்துப் பாருங்கள். 4,000-ஐ 40,000-ஆல் வகுத்தால் 10 விழுக்காடு, எதிர்பார்த்த விகிதம்தான். அதைவிடக் கூடுதலாக வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வரி அடையாள எண் வைப்போடு இணைந்திருக்கிறதா என்பதை. எண் இல்லாத கணக்குக்குக் கூடுதல் விகிதத்தில் பிடிப்பது பல இடங்களில் உள்ள நடைமுறை. வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருப்பவர்கள் பிடித்தம் வேண்டாம் என்று உறுதிமொழி கொடுக்க வழி இருந்தால், அதை வட்டி வழங்கும் நாளுக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும். வழங்கிய பிறகு கொடுத்தால் வங்கியால் பிடித்ததைத் திருப்ப முடியாது.

சேர்ந்துள்ள 14,494.03-க்கு அறிக்கையில் பிடித்தம் ஏதும் இல்லை. இந்த வைப்பில் வழங்கும்போதுதான் பிடித்தம் என்பதால் அது இயல்புதான். மார்ச் 2026-ல் ஒரே நாளில் மொத்தத்துக்கும் பிடிப்பார்கள். சில நாடுகளில் வட்டி இன்னும் வழங்கப்படாவிட்டாலும், ஆண்டு முடிவில் கணக்கு எழுதும்போதே வரி பிடித்துவிடுவார்கள். அங்கே முதிர்வுக்கு முன்னாலேயே 'பிடித்த வரி' என்ற வரியில் ஒரு எண் வந்து நிற்கும். அதைப் பார்த்து இருமுறை பிடித்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம். கடைசியில் வழங்கும்போது ஏற்கெனவே பிடித்தது கழிந்திருக்கிறதா என்று மட்டும் சரிபாருங்கள்.

என்ன செய்தோம்

டீச்சருக்கு வேண்டியது ஒரு லட்சம், அதுவும் இரண்டு மாதத்துக்கு. அக்டோபரில் வேறு பணம் வரவேண்டியிருந்தது. வைப்பை முடித்தால், அதுவரை சேர்ந்த வட்டியில் மட்டும் 5,396.71 போகும், வரிக்கு முந்திய கணக்கில். வைப்பின் மீது கடன் வாங்கினால், வங்கி சொன்ன விகிதம் 9, அதாவது வைப்பு விகிதத்தைவிட 2 கூடுதல். ஒரு லட்சத்துக்கு 60 நாள் வட்டி 1,479.45. வைப்பு பாட்டுக்கு 7 விழுக்காட்டில் ஓடிக்கொண்டிருக்கும். இது போதும் என்று முடிவு செய்தார். தேவை இன்னும் நீண்ட காலத்துக்கு என்றால் கணக்கு வேறு மாதிரி வரலாம், அப்போது மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.

கடன் வாங்கிய பிறகு அறிக்கையில் ஒரு புதிய வரி சேரும்: 'பிணையில் உள்ள தொகை'. அந்தக் கடன் தீராமல் முதிர்வு தேதி வந்தால் வங்கி பாக்கியை வைப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும், அல்லது புதுப்பிப்பு நின்றுவிடும். அதனால் அக்டோபரில் கடனை அடைத்ததும், அந்த வரி நீங்கியிருக்கிறதா என்று ஒரு அறிக்கை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். அடைத்த பிறகும் பிணைக் குறியை எடுக்க மறந்துவிடுவது நடக்கிற விஷயம்.

கூடவே ஒரு மாற்றமும் எழுதிக் கொடுத்தார். முதிர்வு அறிவுறுத்தலை 'அசல் மட்டும் புதுப்பிப்பு, வட்டி சேமிப்புக் கணக்குக்கு' என்று மாற்றினோம். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் கணினியில் ஏறாது. எழுத்தில் கொடுத்து, மாற்றிய அறிக்கையை அச்செடுத்து, கடைசி வரியைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம். இனி 12.03.2026 அன்று வட்டி 37,520, பிடித்தம் 3,752 போக, சேமிப்புக் கணக்கில் 33,768 விழ வேண்டும். அசல் 5,36,000 அப்படியே இருக்கும். அடுத்த சுற்றின் விகிதம் எவ்வளவு என்று பார்க்க மார்ச் 5-ஆம் தேதியும், வேண்டாம் என்றால் பணத்தை எடுத்துவிட மார்ச் 26-ஆம் தேதியும் டீச்சர் வீட்டுக் காலண்டரில் சிவப்பு மையில் குறித்திருக்கிறது.